கழுத்து சாய்ந்த கரடியும் அடி வீங்கிய பள்ளிப்பையும்: சுங்கை சிப்புட் டோபி கடையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் எங்கள் டோபி கடைக்கு வரும் மூட்டைகளில் பாதி, பிள்ளைகளின் பொருள்கள்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், இன்னும் கொஞ்சம் பால்மரம். செம்மண் சாலையில் ஓடி விளையாடும் பிள்ளைகளின் பைகளும் பொம்மைகளும் எந்த நிறத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்தில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வந்த மூட்டையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். துவைத்த பிறகு உருவம் கெடுவது ஏன், கெட்டதில் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்ற மூன்றையும் அந்த ஒரே மூட்டையில் பார்க்க முடிந்தது.

மூட்டையில் இருந்தவை: இரண்டடி உயரக் கரடி பொம்மை ஒன்று, மூன்றாம் ஆண்டு படிக்கும் மூத்தவனின் பள்ளிப்பை, அடுத்தவனின் பள்ளிப்பை, சின்னச் சின்னப் பொம்மைகள் மூன்று. கரடியையும் மூத்தவனின் பையையும் தாயார் வீட்டிலேயே துவைத்துப் பார்த்திருந்தார். மற்றவற்றை இன்னும் தண்ணீர் தொடவில்லை.

"அக்கா, சின்னவ இது இல்லாம தூங்க மாட்டேங்குறா. கழுத்து இப்படித் தொங்குது. வேற வாங்கிக் கொடுத்தாலும் வேணாங்குறா. எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

இப்படிச் சொல்லிவிட்டு, என்ன செய்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அது பெரிய உதவி. கரடியை மேல்பக்கம் திறக்கும் மெஷினில், மற்றத் துணிகளோடு, உறை எதுவும் இல்லாமல் போட்டிருக்கிறார். வழக்கமான சுற்று, முழு வேக ஸ்பின். பிறகு இரண்டு காதிலும் கிளிப் மாட்டி, கொடியில் இரண்டு நாள் தொங்கவிட்டிருக்கிறார். இடையில் மழை வந்தபோது உள்ளே எடுத்து, வயிற்றுப் பகுதியைத் தலைமுடி காயவைக்கும் டிரையரால் காயவைத்திருக்கிறார். பையைச் சுடுதண்ணீரில் சலவைத்தூள் கலந்து இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் முறுக்கிப் பிழிந்து, கொடியின் மேல் இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறார்.

முதலில் கரடியைத் தராசில் வைத்தேன். பொம்மை எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். வீட்டில் மாவு நிறுக்கும் தராசு போதும். கரடி 1,040 கிராம் இருந்தது. மேலே தொட்டால் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் வயிற்றில் முகத்தை வைத்து மோந்தால் புளித்த வாடை. உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிட்டது. எவ்வளவு என்பது வேலை முடிந்த பிறகு தெரிந்தது.

பொம்மைக்குள் இருப்பதை எல்லோரும் பஞ்சு என்கிறோம். இப்போது கடையில் விற்கும் பொம்மைகளில் பெரும்பாலும் இருப்பது பாலியஸ்டர் இழை. அது தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் இழைகளுக்கு இடையே இருக்கும் காற்றிடம் முழுவதும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பஞ்சில் ஒவ்வோர் இழையும் மற்றதன்மேல் வழுக்கும்படி மெல்லிய சிலிக்கோன் பூச்சு இருக்கும். அந்த வழுக்கல் இருக்கும்வரைதான் அமுக்கினால் எழும்பும். மேல்பக்கம் திறக்கும் மெஷினில் நடுத்தண்டு, அல்லது அடித்தட்டு, துணியைப் பிடித்துத் திருப்பும்போது ஈரப் பஞ்சு ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். அதற்குமேல் வேக ஸ்பின் வந்தால், உருண்டை முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே அமுங்கும். அமுங்கிய நிலையில் காய்ந்தால் அப்படியே நிற்கும்.

கரடியின் உடம்பில் மிகக் குறுகிய இடம் கழுத்து. தலையைத் தாங்குவது அந்த இடத்தில் இறுக்கமாக இருக்கும் பஞ்சு. அது வயிற்றுக்கு இறங்கிவிட்டால் தலை சாயும். எங்களிடம் வரும் பொம்மைகளில் முதலில் போவது எப்போதும் கழுத்துதான். கைவிரலால் கழுத்தைப் பிடித்துப் பார்த்தால், முன்துணியும் பின்துணியும் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் பஞ்சு கொஞ்சம்கூட இல்லை. வயிற்றின் இடப்பக்கத்தில் கைப்பிடி அளவுக்கு இரண்டு கட்டிகள்.

காது வேறு கதை. பொம்மையின் ரோமத் துணிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பின்னல் துணி. பின்னல் துணி இழுத்தால் நீளும். தண்ணீர் கோத்த உடம்பின் எடை முழுவதையும் இரண்டு காதும் இரண்டு நாள் தாங்கினால், காது அடியிலிருந்து நீண்டுபோகும். அப்படித்தான் ஆகியிருந்தது.

ரோமத்தைப் பார்க்கும்போது ஒரு சோதனை உண்டு. படிந்து கட்டியிருக்கும் ரோமத்தை இரண்டு விரலுக்கு இடையே உருட்ட வேண்டும். மிருதுவாகப் பிரிந்தால் வெறும் படிவு; ஈரத்தோடு சீவினால் எழும்பும். நுனியில் மணல்மணலாக நெருடினால், சூட்டில் நுனி உருகியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. இந்தக் கரடியில் கிட்டத்தட்ட எல்லா இடமும் முதல் வகை. வயிற்றில், முடி டிரையரை மிக அருகே பிடித்த இடத்தில், இருபது காசு அளவுக்கு மட்டும் நெருடியது.

இவ்வளவு பார்த்த பிறகு, கரடியைத் திரும்பவும் முழுசாகத் துவைப்பதில் பயனில்லை என்று முடிவெடுத்தேன். கட்டியான பஞ்சை வெளியிலிருந்து பிசைந்து பிரிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். சின்னப் பொம்மையில் அது நடக்கும். இரண்டடிக் கரடியில், அதுவும் உள்ளே வாடை வந்த பிறகு, பிரித்தெடுப்பதே சரி.

தொழிற்சாலையில் பஞ்சை அடைத்த பிறகு கடைசியாக மூடிய தையல் எங்கே என்று தேட வேண்டும். பெரும்பாலும் முதுகின் நடுவில், இல்லையென்றால் தொடை இடுக்கில் இருக்கும். மெஷின் தையல் ஒரே சீராக ஓடும். மூடிய தையல் மட்டும் கையால் போட்டது, இடைவெளி கொஞ்சம் அகலமாக இருக்கும், நூலும் தடிப்பாக இருக்கும். முதுகில் ஒரு சாண் அளவுக்குக் கிடைத்தது. துணியைக் குத்தாமல், நூலை மட்டும் ஒன்று விட்டு ஒன்றாக வெட்டிப் பிரித்தேன்.

பஞ்சை எடுத்தபோதே எந்த இடத்துப் பஞ்சு எது என்று தனித்தனிப் பையில் போட்டு வைத்தேன். தலை, கை, கால், வயிறு. திரும்ப அடைக்கும்போது எங்கே எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். வயிற்றுப் பஞ்சின் நடுவில் ஈரம் அப்படியே இருந்தது, அங்கங்கே கறுப்புப் புள்ளி. பூஞ்சணம் பிடித்த பஞ்சை நான் துவைத்துப் பயன்படுத்த மாட்டேன். இரவெல்லாம் குழந்தை முகத்தை வைத்துப் படுக்கும் பொருள் அது. வயிற்றுப் பஞ்சு முழுவதும் குப்பைக்குப் போனது. அதற்குப் பதிலாகப் பேரங்காடியில் விற்கும் மலிவான பாலியஸ்டர் தலையணை ஒன்றை வாங்கி அறுத்தேன். பொம்மைப் பஞ்சு தேடி ஈப்போவுக்குப் போக வேண்டியதில்லை, தலையணைக்குள் இருப்பதும் அதே இழைதான். வாங்கும்போது உறையில் பாலியஸ்டர் ஃபைபர் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இலவம்பஞ்சோ துண்டு ஸ்பாஞ்சோ வேண்டாம்.

தலையிலும் கைகாலிலும் இருந்த பஞ்சு நல்ல நிலையில் இருந்தது. அதை ஒரு வலைப்பையில் தளர்வாகப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, அமுக்கி, தூக்கினேன். தேய்க்கக் கூடாது, கசக்கக் கூடாது. இரண்டு முறை நல்ல தண்ணீரில் முக்கியெடுத்து, வலைப்பையோடு சாய்வாக வைத்து நீரை வடியவிட்டு, பிறகு ஒரு விரிப்பில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். பாலியஸ்டர் இழைக்குள் நீர் புகாது என்பதால் பரப்பிப் போட்டால் அன்றைக்கே காய்ந்துவிடும். காய்ந்ததும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட வேண்டும். பொறுமையான வேலை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், ஆனால் கட்டி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சியது உள்ளே போனால் வெளியே தெரியும்.

உள்ளே ஒன்றும் இல்லாத தோலைத் துவைப்பது சுலபம். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ சோப் கலந்து, அரை மணி ஊறவைத்து, அமுக்கி அமுக்கி அலசினேன். பிறகு வெளிப்புறத்தைத் திருப்பி இன்னொரு முறை. சோப்பை அதிகம் போட்டால் வெள்ளை வெளேரென்று ஆகும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். அலசலில் போகாத சோப் ரோமத்தின் அடியில் தங்கி, காய்ந்ததும் விறைக்கும், தூசியையும் இழுக்கும். குளோரின் பிளீச் பக்கமே போகக் கூடாது, நிறமும் போகும், கண்ணும் மூக்கும் மங்கும். தோலைத் துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தேன். பாதி ஈரமாக இருக்கும்போது, பூனைக்குச் சீவும் மெல்லிய கம்பிச் சீப்பால் ரோமத்தை முதலில் எதிர்த்திசையிலும் பிறகு படியும் திசையிலும் சீவினேன். ரோமம் எழும்பும் நேரம் அதுதான். முழுக்கக் காய்ந்த பிறகு சீவினால் உதிரும். உருகிய நுனிகளைச் சின்னக் கத்தரியால் மேலோடு மட்டும் நறுக்கினேன். அந்த இடம் கொஞ்சம் குட்டையாக இருக்கும், ஆனால் நெருடாது.

நீண்டுபோன காதை ஈரத்தோடு வடிவம் பிடித்துப் படுக்கையாகக் காயவைத்ததில் பாதி சுருங்கியது. மீதியை உள்பக்கம் சிறிது மடித்துத் தைத்தேன்.

அடைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. தூரத்தில் இருப்பது முதலில்: மூக்கு, கை நுனி, பாதம். அதன்பின் தலை. தலைக்கும் நெஞ்சுக்கும் நடுவே கழுத்துக்கென்று பஞ்சை இறுக்கமாகச் சுருட்டி ஒரு தடியாகச் செய்து, அதன் மேல்பாதி தலைக்குள்ளும் கீழ்ப்பாதி நெஞ்சுக்குள்ளும் போகும்படி வைத்தேன். கழுத்தில் மட்டும் பஞ்சைத் துண்டு துண்டாக அடைத்தால் ஒரே மாதத்தில் மறுபடியும் சாயும். இரண்டு பக்கமும் பிடிப்பு இருக்கும் ஒரே தடி சாயாது. தள்ளுவதற்குச் சாப்ஸ்டிக்கின் மழுங்கிய முனை நன்றாக இருக்கும். வயிற்றைக் கடைசியில், பெரிய பெரிய கைப்பிடிகளாக, தளர்வாக நிரப்பினேன். சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டால் பிதுங்கித் தெரியும். முதுகை மூட, இரண்டு மடிப்பின் உட்புறத்திலும் மாறி மாறி ஊசியைக் கோத்து, சில தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். நூல் தடித்த பாலியஸ்டர் நூலாக இருக்க வேண்டும்.

முடித்துத் தராசில் வைத்தால் 710 கிராம். பழைய வயிற்றுப் பஞ்சுக்கு ஈடாகத்தான் புதியதை நிரப்பியிருந்தேன் என்பதால், ஏறக்குறைய 330 கிராம் தண்ணீர், வெளியே காய்ந்தது என்று நினைத்த கரடிக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். எங்கள் ஊர்க் காற்றில், மூன்று மணிக்கு மேல் மழை வரும் நாட்களில், அந்த அளவு ஈரம் உள்ளே இருந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதுதான் அதிசயம்.

அதனால்தான் தராசை இவ்வளவு வலியுறுத்துகிறேன். துவைப்பதற்கு முன் காய்ந்த பொம்மையை நிறுத்து எழுதி வையுங்கள். துவைத்து உலர்த்திய பிறகு மறுபடியும் நிறுங்கள். பாலியஸ்டர் ஈரக் காற்றிலிருந்து ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது என்பதால், நன்றாகக் காய்ந்த பொம்மை பழைய எடைக்கே திரும்பும். ஐம்பது கிராம் கூடுதலாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது, கட்டிலுக்கு அனுப்பக் கூடாது. கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பவே முடியாது.

சின்னப் பொம்மைகள் மூன்றில் இரண்டை மெஷினில் போட்டேன். மூன்றாவதைப் பிடித்தால் உள்ளே குறுகுறுவென்று மணிமணியாக ஓடியது. தெர்மோகோல் மணி அடைத்த பொம்மை. தையல் ஒன்று விட்டால் மெஷின் முழுவதும் மணியாகிவிடும், வடிகுழாயும் அடைக்கும். அதை ஈரத்துணியால் மேலே துடைத்ததோடு சரி. மற்ற இரண்டிலும் பாட்டுப் பெட்டி, பேட்டரி எதுவும் இல்லை என்று வயிற்றை அமுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒரு தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டினேன். முன்பக்கம் திறக்கும் மெஷின். அதில் நடுத்தண்டு கிடையாது. கூடவே இரண்டு துவாலை. துவாலை இல்லாமல் பொம்மை மட்டும் போனால், ஸ்பின்னில் எடை ஒரு பக்கமாக ஒதுங்கி மெஷின் குதிக்கும், பொம்மையும் டிரம்மில் மோதும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், மென்மையான துணிக்கான சுற்று, ஸ்பின் 400க்கு மேல் வேண்டாம். எடுத்ததும் ஈரத்தோடு கையையும் காலையும் கழுத்தையும் பிடித்துப் பஞ்சைச் சமமாகப் பரப்பிவிட வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் காதிலோ கையிலோ தொங்கவிடாமல், வலையிலோ கம்பித் தட்டிலோ படுக்கவைத்து, காற்றாடி போட்டு, மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். வீட்டில் மேல்பக்கம் திறக்கும் மெஷின் மட்டும் இருந்தால், பொம்மையை வாளியில் கையால் அமுக்கித் துவைப்பதே நல்லது. நீரை எடுக்கத் துவாலையில் சுருட்டி அதன்மேல் மண்டியிட்டு அழுத்தலாம். முறுக்க மட்டும் கூடாது.

இனி மூத்தவனின் பை. பையின் உருவத்தை நிறுத்துவது வெளித்துணி அல்ல, உள்ளே மறைந்திருப்பவை: துணியின் உட்புறப் பூச்சு, அடியில் இருக்கும் பலகை, முதுகிலும் தோள்வாரிலும் மெத்தையாக இருக்கும் நுரை. மூன்றும் மூன்று விதமாகக் கெடும்.

பையைத் திறந்ததும் உள்ளிருந்து சாம்பல் நிறச் செதில் பொடுகு போல உதிர்ந்தது. பூச்சு உரிந்த இடத்தில் விரல் ஒட்டியது. பள்ளிப்பைகளின் நைலோன் துணிக்கும் பாலியஸ்டர் துணிக்கும் உட்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பாலியூரித்தேன் பூச்சு இருப்பது உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்து இருக்கும் இடத்தில் அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் தானாகவே சிதையும். இரவு முழுக்கச் சுடுதண்ணீரில் ஊறியது, ஏற்கெனவே தளர்ந்திருந்ததை உரித்துவிட்டது. உரிந்த பூச்சைத் திரும்பப் போட முடியாது. தாயாரிடம் அதை நேராகவே சொன்னேன். மிச்சம் இருந்த செதிலை நைலோன் பிரஷால் முழுவதும் தேய்த்தெடுத்தேன், இல்லையென்றால் மாதக்கணக்கில் புத்தகங்களில் ஒட்டும். இனி அது மழை தாங்காத துணிப்பை. புத்தகங்களைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

அடிப்பகுதி வீங்கி, நடுவில் புடைத்திருந்தது. உள்ளே இருந்தது அட்டை. துவைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம்: பையைக் காலி செய்து அடியை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பலகை என்றால் விட்டவுடன் நேராகும். அட்டை என்றால் விறைப்பாக எதிர்க்கும், தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும். அட்டை என்று தெரிந்தால் பையை முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அல்லது அட்டையை முதலில் உருவ வேண்டும். இந்தப் பையில் உள் விரிப்பின் ஒரு ஓரத்தைப் பிரித்து, கூழாகிப்போன அட்டையை எடுத்தேன். அதற்குப் பதிலாக, பிள்ளைகள் பள்ளிச் செய்பணிக்கு வாங்கும் நெளி பிளாஸ்டிக் அட்டை. பையின் அடி 28 சென்டிமீட்டருக்கு 13. நான்கு பக்கமும் கொஞ்சம் குறைத்து வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, நெளிக்கோடு பையின் நீளவாக்கில் ஓடும்படி இரண்டு அடுக்கு வைத்தேன். மூலை கூர்மையாக இருந்தால் சில வாரத்தில் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இனி எத்தனை முறை நனைந்தாலும் அடி வீங்காது.

முதுகு நுரையில், கொடியில் மடித்துப் போட்ட இடத்தில் குறுக்கே ஒரு கோடு. ஈரமாக மடித்துக் காயவைத்த நுரைக்கு அந்த மடிப்பு நினைவாகத் தங்கிவிடும். பையைத் தட்டையாக வைத்து, மேலே பலகையும் கனமும் ஏற்றி ஒரு வாரம் வைத்ததில் பாதிக்கு மேல் தணிந்தது. கோடு இன்னும் தெரிகிறது. பிள்ளையின் முதுகில் உறுத்தாது. முறுக்கிப் பிழிந்ததில் வலத் தோள்வாரின் மேல்முனைத் தையல் விட்டிருந்தது. கனத்தைத் தாங்கும் இடம் அது. வீட்டு ஊசியால் போட்டால் நிற்காது என்று செருப்புத் தைக்கும் கடைக்குக் கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடர்த்தியாகத் தைத்து வாங்கினேன்.

பைகளை மெஷினில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், துணி கெடும் என்பது மட்டும் காரணமில்லை. பூச்சு போட்ட துணி தண்ணீரை வெளியே விடாது. ஸ்பின் ஓடும்போது பை ஒரு கிண்ணமாக நின்று லிட்டர் கணக்கில் தண்ணீரை ஒரு பக்கத்தில் பிடித்துக்கொண்டால், டிரம்மின் சமநிலை தவறி மெஷினே உடையும். தண்ணீர் புகாத பொருளைப் போடாதீர்கள் என்று மெஷின் கையேடுகளில் எச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தவனின் பையைக் கையால் துவைத்தேன். காய்ந்த செம்மண்ணை முதலில் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு, இரும்புத் துரு. நனைத்துத் தேய்த்தால் இழைக்குள் போய் உட்காரும், பிளீச்சுக்கும் அசையாது. எல்லா ஜிப்பையும் திறந்து, பையைக் கவிழ்த்து உதறி, மூலைகளைப் பழைய பல் பிரஷால் சுத்தம் செய்தேன். அப்புறம் அதே அளவு சோப் கலந்த, சூடில்லாத தண்ணீரில் பத்து நிமிடம்தான். தோள்வாரிலும் முதுகுப் பக்கத்திலும் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாக இருக்கும், அங்கே மட்டும் மென்பிரஷால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கலாம். அலசும்போது தோள்வாரை அழுத்திப் பார்க்க வேண்டும். சோப் நுரை வந்தால் இன்னும் சோப் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் வெயிலில் வியர்க்கும்போது பிள்ளையின் தோள் அரிக்கும்.

முன்பக்கச் சின்னப் பையில் கறி கசிந்த மஞ்சள் கறை. வெளிர் நிற உட்துணி என்பதால் நன்றாகத் தெரிந்தது. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பை வைத்து எண்ணெயை எடுத்தேன். சலவைத்தூள் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நடந்துகொள்ளும், அலசினால் பழைய நிறத்துக்கு வரும். மிச்சம் இருக்கும் மஞ்சளை எடுக்கும் வேலை வெயிலுடையது. அந்தச் சின்னப் பையை மட்டும் வெளியே திருப்பி, மற்ற இடத்தைத் துணியால் மூடி, காலை வெயிலில் வைத்தேன். மறுநாளும் வைத்த பிறகு, தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. மற்றபடி பையை வெயிலில் போடக் கூடாது. நைலோன் நிறமும் வலுவும் போகும்.

பையைக் கவிழ்த்து, எல்லா ஜிப்பும் திறந்த நிலையில், அடியில் இரண்டு கொக்கி மாட்டி நிழலில் தொங்கவிட்டேன். சொட்டுவது நின்றதும், காய்ந்த துவாலைகளை உள்ளே திணித்து வடிவத்தை நிமிர்த்தினேன். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மழை தொடங்கியதும் உள்ளே எடுத்துக் காற்றாடிக்கு எதிரே. பையில் கடைசியாகக் காய்வது எப்போதும் தோள்வாரின் தடித்த இடம். அங்கே ஒரு டிஷ்யூவை வைத்துப் பத்து விநாடி நன்றாக அழுத்த வேண்டும். டிஷ்யூ நனைந்தால், பை இன்னும் காயவில்லை.

பொருள்களை வாங்க வந்தபோது தாயார் கரடியின் கழுத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "அடுத்த தடவை காசு போடுற டோபியில டிரையர்ல போட்டுடலாமா அக்கா? சீக்கிரம் காஞ்சிடும்ல?"

சூட்டைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் குறைந்த சூட்டில், உறைக்குள் கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டு போடலாம் என்றேன். பொத்தான் இல்லாத மெஷின், அல்லது உள்ளே கைவைத்தால் சுடுகிறது என்றால் வேண்டாம். அந்தச் சூட்டில் ரோமத்தின் நுனி உருகும். வயிற்றில் கத்தரித்த இடத்தை அவர் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கரடியின் காய்ந்த எடை 710 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பையின் முன்பக்கச் சின்னப் பைக்குள் வைத்துக் கொடுத்தேன்.